திரையில் பளிச், பவுச்சில் மங்கல்: பேக்கிங் கேள்வி-பதில்

கணினித் திரையில் இளமஞ்சளில் அழகாக இருந்த எங்கள் பிராண்டு பெயர், பழுப்புக் காகிதப் பவுச்சில் அச்சானதும் கண்ணுக்கே தெரியவில்லை. அச்சகத்தின் தவறா?

பெரும்பாலும் இல்லை. வழக்கமான அச்சு மைகள் ஒளி ஊடுருவக்கூடியவை. அடியில் இருக்கும் காகிதத்தின் நிறம் மையோடு சேர்ந்தேதான் கண்ணுக்குத் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சளாகத் தெரிவது, பழுப்பில் காகிதத்தோடு கரைந்துவிடும். வடிவமைப்பில் வெள்ளையாக இருந்த இடங்களில் மையே விழாது. அங்கேயும் பழுப்புதான் தெரியும்.

இதற்கு மூன்று வழிகள். எழுத்துக்கு அடியில் முதலில் வெள்ளை மை பூசி, அதன் மேல் மஞ்சளை அடிக்கலாம். ஆனால் எல்லா அச்சகங்களிலும் வெள்ளை மை வசதி இருக்காது, செலவும் கூடும். குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் உங்களுக்கு நான் சொல்வது, பெயரைக் கறுப்புக்கோ அடர் பச்சைக்கோ மாற்றிவிடுங்கள். பழுப்பின் மேல் அடர்ந்த நிறம்தான் நிற்கும். மஞ்சள்தான் உங்கள் அடையாளம் என்றால், பவுச்சை வெறுமையாக வாங்கி, வெள்ளை லேபிளில் மஞ்சளை அச்சிட்டு ஒட்டுங்கள். கையிருப்பில் இருக்கும் பவுச்சுகளையும் இப்படியே காப்பாற்றலாம், லேபிள் பழைய எழுத்தை முழுதாக மறைக்கும் அளவில் இருக்கட்டும்.

அடுத்த முறை, திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். பவுச்சுக்கான அதே காகிதத்தில் ஒரு மாதிரி கேளுங்கள். சரி என்று பட்டால், தேதியோடு கையெழுத்திட்டு உங்களிடம் ஒன்று, அச்சகத்திடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அச்சிடும்போது நிறம் மாறினால், ஒப்பிட்டுக் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

கடையில் எடுத்துப் பார்க்கிறார்கள், ஆன்லைனில் யாரும் கவனிப்பதே இல்லை. ஏன்?

உங்கள் பவுச்சின் படத்தைக் கைபேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தேடல் பட்டியலில் வாங்குபவர் பார்ப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிராண்டு பெயரும், உள்ளே என்ன பண்டம் என்பதும் அந்த அளவில் படிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால், முன்பக்கத்தில் இருக்கும் பாராட்டு வரிகளையும் சின்னச் சின்னப் படங்களையும் பின்பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, இந்த இரண்டையும் பெரிதாக்குங்கள்.

அப்புறம், தட்டையான தாளில் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பண்டத்தை நிரப்பியதும் பவுச் உப்பும், ஓரங்கள் பின்னால் வளையும், அடிப்பகுதி மடியும். ஓரத்தில் இருக்கும் எழுத்து பாதி காணாமல் போகும். அதனால் வடிவமைப்பை உண்மையான அளவில் அச்சிட்டு, நிரப்பிய பவுச்சில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

ஐந்து சுவைகளுக்கும் ஐந்து விதமான வடிவமைப்பு வைக்கலாமா?

வேண்டாம். பெயர், எழுத்துரு, அவை இருக்கும் இடம் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு பட்டையின் நிறமும் சுவையின் பெயரும் மட்டும் மாறினால் போதும். சுவையின் பெயரைப் பெரிதாகவே போடுங்கள், நிறத்தை மட்டும் வைத்து எல்லோராலும் பிரித்தறிய முடியாது.

உள்ளே இருப்பது தெரிய ஒளிபுகும் ஜன்னல்?

எண்ணெய்ப் பசையுள்ள பண்டத்துக்கு வேண்டாம், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். பொடி வகை என்றால் ஜன்னலின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு அழுக்குப் போலத் தெரியும்.