பவுடரும் எண்ணெயும் வேர்க்குருவைக் குறைக்காது

கேள்வி: என் மகளுக்கு நாலு மாதம். புழுக்கம் தொடங்கியதிலிருந்து கழுத்திலும் நெஞ்சிலும் பொடிப்பொடியாகச் சிவப்புப் பருக்கள். அரிப்பில் சிணுங்கிக்கொண்டே இருக்கிறாள். குளிப்பாட்டியதும் எண்ணெய் தடவி பவுடர் போடுகிறேன். அப்படியும் குறையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்வது பெரும்பாலும் வேர்க்குருதான். கைக்குழந்தையின் வியர்வைக் குழாய்கள் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. புழுக்கத்தில் வியர்வை காயாமல் தோலிலேயே தங்கும்போது, ஊறிய மேல்தோல் அந்தக் குழாய்களின் வாயை அடைத்துவிடும். வெளியே வர வழியில்லாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால்தான் சிவப்பும் அரிப்பும்.

அதனால் முதலில் எண்ணெயையும் பவுடரையும் நிறுத்துங்கள். எண்ணெய் அடைப்பை இன்னும் கூட்டும். பவுடர் வியர்வையோடு குழைந்து கழுத்து மடிப்பில் மாவு போல ஒட்டிக்கொள்ளும். அதன் தூசியைக் குழந்தை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல.

வேர்க்குருவுக்கு உண்மையான மருந்து, குழந்தை வியர்க்காமல் பார்த்துக்கொள்வதுதான். வீட்டுக்குள் டயப்பரோடு மட்டும் விட்டாலே போதும், சட்டை போட்டால் தொளதொளவென்ற மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். ஃபேன் அறை முழுக்கக் காற்றைச் சுழற்றட்டும், முகத்துக்கு நேராக வேண்டாம். கை, கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துக் குளிர்கிறதோ என்று போர்த்திவிடாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் குழந்தைக்குப் புழுங்குகிறது என்று அர்த்தம்.

வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீரில் சில நிமிடம் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். அப்புறம் தாடையை மெல்லத் தூக்கி, மடிப்புக்குள் காற்று படும்படி கொஞ்ச நேரம் விடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பால் குடிக்கும்போது வழிவதும் அந்த மடிப்பில்தான் தேங்கும், ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். நெஞ்சில் பருக்கள் வருவதற்கு, உங்கள் உடம்போடு ஒட்டித் தூக்கி வைத்திருக்கும் சூடும் ஒரு காரணமாக இருக்கலாம். இடையில் ஒரு மெல்லிய துணி வையுங்கள்.

அரிப்பு அதிகமாகும்போது, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். ஐஸ் வேண்டாம். நகத்தை வெட்டிவிடுங்கள். ஆறு மாதம் ஆகாததால் தண்ணீர் புகட்ட வேண்டாம், பாலை அடிக்கடி கொடுங்கள். ஸ்டீராய்டு கிரீம் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள்.

இப்படிச் செய்தால் இரண்டு மூன்று நாளில் பருக்கள் அமுங்கத் தொடங்கும். அமுங்காமல், மடிப்பு முழுக்க ஈரமாய்ப் பளபளவெனச் சிவந்து, ஓரத்தில் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும். சீழ், வீக்கம், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடி டம்ளரின் பக்கத்தைப் புள்ளிகள் மேல் வைத்து அழுத்தியும் நிறம் மறையாவிட்டாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.