ஆடிட் ரிப்போர்ட்ல ஆடிட்டர் நிஜமா என்ன சொல்றாரு? உங்க கேள்விகளும் என் பதில்களும்

கம்பெனிக் கணக்கை வெளிய இருந்து போய் சட்டப்படி சரிபார்க்கிற ஸ்டாட்யூட்டரி ஆடிட் வேலையிலயே ரொம்ப வருஷமா இருக்கேன், கேள்வி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல தெளிவா இருந்ததையெல்லாம் கீழ எடுத்துப் போட்டிருக்கேன். ஷேர் டிப்ஸ் கேட்டவங்க மன்னிக்கணும், அது நமக்கு வராது.

ஈரோட்டுக்காரன்: கம்பெனியிலயே அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட், சிஎஃப்ஓ எல்லாம் இருக்காங்க. அப்புறம் எதுக்கு வெளிய இருந்து ஒருத்தர் வந்து பார்க்கணும்?

அந்த சிஎஃப்ஓவோட போனஸ், முதலாளி ஷேர் விலை, பேங்க்ல கிடைக்கிற லோன் லிமிட் எல்லாமே அவங்களே எழுதுற லாப நம்பரைத்தான் நம்பியிருக்கு தம்பி. பணம் போட்டவன் எங்கயோ உட்கார்ந்திருக்கான், அவன் குடோனுக்குள்ள வந்து மூட்டை எண்ண முடியுமா? அவனுக்குப் பதிலா நாங்க போறோம், அவ்ளோதான்.

ட்ரெயினியா இருந்தப்ப ஒரு நூல் மில்லுக்கு (பேர் வேண்டாம்) மார்ச் 31 ஸ்டாக் எண்ணப் போனேன். குடோன்ல மூட்டையை சுவர் மாதிரி அடுக்கி வச்சிருந்தாங்க, அகலம், ஆழம், உயரம் மூணையும் எண்ணிப் பெருக்கினா புக்ல இருக்குற எண்ணிக்கை கரெக்டா வருது. எனக்கு ஒரே சந்தோஷம், நோட்ல டிக் போட்டுட்டேன். கூட வந்த சீனியர் ஒண்ணும் பேசல, ஏணி போட்டு மேல ஏறி உள்ள பார்த்தாரு. நடுவுல கிணறு மாதிரி காலி. வெளிவரிசை மட்டும்தான் மூட்டை, நான் பெருக்கினதுல பாதி காத்து. ஸ்டாக்கைக் கூட்டிக் காட்டினா லாபமும் அதே அளவு கூடும், பேங்க்ல கேஷ் கிரெடிட் லிமிட்டும் கூடும், அதுக்காகத்தான் அந்த அடுக்கு. இதை அந்த மில்லோட அக்கவுண்டன்ட் வெளிய சொல்வாரா? தெரிஞ்சாலும் சொல்ல முடியாது, சம்பளம் அங்கதான்.

மார்க்கெட் மாமா: சும்மா கதை விடாதீங்க. சத்யம் கம்ப்யூட்டர்ஸ்ல பெரிய ஆடிட்டர் இருந்தும் அந்தக் கம்பெனி சேர்மன் ராஜு பேங்க்ல இருந்த 5,000 கோடியை எடுத்துட்டுப் போனாரே, உங்க ஆடிட் என்ன பண்ணுச்சு?

கோபம் நியாயம்தான் மாமா, ஆனா பாதிதான் சரி. அந்தப் பணம் பேங்க்ல இருந்து எடுக்கப்பட்டது இல்ல, அங்க இருந்ததே இல்ல. 2009 ஜனவரி 7ஆம் தேதி ராமலிங்க ராஜு எழுதின லெட்டர்படி, 2008 செப்டம்பர் கடைசியில புக்ல காட்டின கேஷும் பேங்க் பேலன்ஸும் 5,361 கோடி, அதுல 5,040 கோடி வெறும் பேப்பர். அந்த குவார்ட்டருக்கு ஆபரேட்டிங் லாபம் 649 கோடின்னு வெளியிட்டாங்க, நிஜம் 61 கோடின்னு அவரே எழுதினாரு. இல்லாத லாபத்தைக் காட்டினா அந்தப் பணம் எங்கயாவது இருக்கிற மாதிரி காட்டணும்ல, அதான் குவார்ட்டருக்கு குவார்ட்டர் பேங்க் பேலன்ஸ் வீங்கிக்கிட்டே போச்சு.

பேங்க் பேலன்ஸ்தான் ஆடிட்லயே சுலபமா பிடிபட வேண்டிய ஐட்டம். நடைமுறை இதுதான்: இந்தத் தேதியில இந்த அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்குன்னு பேங்குக்கு ஒரு லெட்டர் தயார் பண்ணி கம்பெனிகிட்ட கையெழுத்து வாங்குவோம், ஆனா அதை போஸ்ட்ல சேர்க்குறது நாங்க, பதிலும் நேரா எங்க ஆஃபீஸுக்குத்தான் வரணும். கம்பெனி ஆள் "நாங்களே பேங்க்ல வாங்கிக் குடுத்துடறோம் சார், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்"னு சொல்ற நிமிஷத்துலயே காது நிமிரணும். சத்யம்ல அங்கதான் ஓட்டை. 2011ல அமெரிக்கப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற எஸ்இசி போட்ட ஆர்டர்ல, சத்யத்தை ஆடிட் பண்ணின ப்ரைஸ் வாட்டர்ஹவுஸோட இந்திய ஃபர்ம்கள் அந்தக் கன்ஃபர்மேஷன் லெட்டர் அனுப்புற வேலையை கம்பெனி கையில விட்டுட்டாங்கன்னு எழுதியிருக்கு. எஸ்இசியும் அங்க ஆடிட்டர்களைக் கண்காணிக்கிற பிசிஏஓபியும் சேர்ந்து அந்த ஃபர்ம்கள்கிட்ட 75 லட்சம் டாலர் அபராதம் வாங்கினாங்க. ஒரு தபாலை யார் கையால போடுறோம்ங்கிறதுல இருந்த அலட்சியம், அவ்ளோதான் விஷயம்.

மார்க்கெட் மாமா: அப்ப ஆடிட்டருக்கும் அதுல பங்கு இருந்துச்சா இல்லையா, நேரா சொல்லுங்க.

நேரா சொல்ற அளவுக்கு அது நேரா இல்ல. 2015ல ஹைதராபாத் கோர்ட் தண்டனை குடுத்த 10 பேர்ல ரெண்டு பேர் முன்னாள் ஆடிட் பார்ட்னர்ஸ். 2018ல செபி அந்த நெட்வொர்க் ஃபர்ம்களை லிஸ்டட் கம்பெனி ஆடிட் பண்ண 2 வருஷம் தடை போட்டுச்சு, அடுத்த வருஷமே அப்பீல் ட்ரிப்யூனல் அந்தத் தடையை ரத்து பண்ணிடுச்சு. அலட்சியம் எங்க முடியுது, கூட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எங்க ஆளுங்களே இன்னும் டீக்கடையில சண்டை போட்டுட்டு இருக்காங்க.

கலைவாணி_87: க்வாலிஃபைட் ஒப்பினியன்னு ஒரு கம்பெனி ரிப்போர்ட்ல பார்த்தேன். க்வாலிஃபைட்னா தகுதியானது, நல்லதுதானே? மத்த வகையெல்லாம் என்ன?

நல்லவேளை கேட்டீங்க, இந்த வார்த்தையில ஏமாறாதவங்களே இல்ல. இங்க க்வாலிஃபைட்னா "இந்த ஒரு விஷயம் தவிர மத்தது சரி"ன்னு அர்த்தம், அதாவது ஒரு குறை இருக்கு.

நானே சும்மா ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். ஒரு பம்ப் கம்பெனி வரிக்கு முன்னாடி லாபம் 6 கோடின்னு காட்டுது. அந்தக் கம்பெனிக்கு ஒரே கஸ்டமர்கிட்ட இருந்து 8 கோடி வர வேண்டியிருக்கு, அந்தக் கஸ்டமர் திவால் கேஸ்ல இருக்கான், அதிகம் போனா 1 கோடி தேறும். மிச்சம் 7 கோடியை நஷ்டமா எழுதுங்கன்னு ஆடிட்டர் சொல்றாரு, முதலாளி "இல்ல சார், 20 வருஷப் பழக்கம், குடுத்துடுவான்"ங்கறாரு. எழுதலன்னா ஆடிட்டர் க்வாலிஃபைட் குடுப்பாரு, கீழ 'பேசிஸ் ஃபார் க்வாலிஃபைட் ஒப்பினியன்'னு ஒரு பாரா இருக்கும், அதுல அந்த 7 கோடி இருக்கும். நீங்க பேனா எடுத்து 6ல இருந்து 7ஐக் கழிங்க. லாபம் இல்ல, 1 கோடி நஷ்டம். லிஸ்டட் கம்பெனின்னா இந்தக் கழித்தலை அவங்களே போட்டுக் காட்டணும், குறைக்கு முன்னாடி நம்பர், பின்னாடி நம்பர்னு ஒரு ஸ்டேட்மென்ட் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். நிறைய பேர் அதைத் திறந்தே பார்க்கறதில்ல.

அதே கம்பெனியில கடனும் தப்பு, ஸ்டாக்கும் தப்பு, சப்சிடியரி கணக்கும் தப்புன்னு தப்பு எல்லா இடத்துக்கும் பரவியிருந்தா 'தவிர'ன்னு சொல்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது, அப்ப அட்வெர்ஸ், இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டலன்னு. ரெக்கார்டே குடுக்கல, சர்வர் போச்சு, பேங்க் பதிலே வரலன்னா டிஸ்க்ளைமர், என்னால கருத்தே சொல்ல முடியாதுன்னு. என்னைக் கேட்டா டிஸ்க்ளைமரைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படணும். அட்வெர்ஸ்ல தப்பு எவ்வளவுன்னாவது பெரும்பாலும் தெரியும்.

என் உதாரணத்துல லாபமே நஷ்டமா மாறுதே, அப்ப அது அட்வெர்ஸ் இல்லையான்னு சில சி.ஏ. கேட்பாங்க. கேட்கலாம். அது ஆடிட்டரோட தீர்ப்பு, ரெண்டு பேர் உட்கார்ந்தா ரெண்டு பதில் வரும்.

நெல்லை ட்ரேடர்: நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு. க்ளீன் ரிப்போர்ட்னா கண்ணை மூடி வாங்கலாம், 'எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்' இருந்தா வித்துடணும். சரிதானே அண்ணாச்சி?

ரெண்டும் இல்ல அண்ணாச்சி. க்ளீன்னா "பெரிய அளவுல தப்பு இல்லன்னு நியாயமான அளவு நம்பறேன்", அவ்ளோதான். பெரிய அளவுங்கிறதுக்கு நாங்க முதல்லயே ஒரு கோடு போட்டுக்குவோம், வரிக்கு முந்தின லாபத்துல 5% மாதிரி. அந்த பம்ப் கம்பெனிக்கு 30 லட்சம் வரும், கேண்டீன் பில்லுல 40,000 அடிச்சவன் அதுல மாட்டமாட்டான். அதோட எல்லா பில்லையும் பார்க்கறதில்ல, சாம்பிள்தான். பிசினஸ் நல்லதா, ஷேர் விலை சரியான்னு எல்லாம் அதுல ஒரு வரி கூட இருக்காது. நஷ்டத்துல மூழ்கிட்டு இருக்கிற கம்பெனி அந்த நஷ்டத்தை ஒழுங்கா எழுதியிருந்தா அதுக்கும் க்ளீன் ரிப்போர்ட்தான்.

எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் குறையே இல்ல. கம்பெனி ஏற்கனவே நோட்ஸ்ல ஒழுங்கா சொல்லியிருக்கிற ஒரு விஷயத்தை, பெரிய கோர்ட் கேஸ் மாதிரி, "இதைப் படிக்காம போயிடாதீங்க"ன்னு ஆடிட்டர் விரல் நீட்டறாரு. ஆனா 'கோயிங் கன்சர்ன்' பத்தி தனித் தலைப்புல மெட்டீரியல் அன்சர்டன்டின்னு ஒண்ணு இருந்தா அது வேற கதை, கம்பெனி இன்னும் ஒரு வருஷம் ஓடுமான்னே சந்தேகம்னு அர்த்தம். அதுவும் ஒப்பினியனை மாத்தாது, மேல க்ளீன்னுதான் இருக்கும். அதனாலதான் முதல் பாராவோட மூடிடாதீங்கன்னு சொல்றேன்.

பாத்திரக்கடை பாலு: எங்க ஆடிட்டர் மாசாமாசம் வந்து டேலில என்ட்ரி போட்டு, ஜிஎஸ்டி ஃபைல் பண்ணி, வருஷக் கடைசியில அவரே கையெழுத்தும் போடறாரு. 12,000 வாங்கறாரு. இது அதிகமா?

ஃபீஸ் பத்தி நான் வாய் திறக்கல பாலு, அவர் இதைப் படிச்சா சண்டைக்கு வருவாரு. நம்ம ஊர்ல சி.ஏ. படிச்ச எல்லாரையும் ஆடிட்டர்னுதான் கூப்பிடுவோம், அதுல வந்த குழப்பம் இது. உங்களுக்கு அவர் பண்றதுல பெரும்பகுதி கணக்கு எழுதுற வேலை. நாளைக்கே கடையை பிரைவேட் லிமிடெட் ஆக்கினீங்கன்னா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஆடிட் கட்டாயம், அந்த ஆடிட்டரே கணக்கும் எழுதக் கூடாதுன்னு 2013 கம்பெனி சட்டம் சொல்லுது. தான் எழுதின பரீட்சையைத் தானே திருத்தின மாதிரி ஆயிடும்ல.

சந்தேகப் பிராணி: எல்லாம் சரி, அந்த ஆடிட்டருக்கு காசு குடுக்கறதே அந்தக் கம்பெனிதானே?

இதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல. பேப்பர்ல ஷேர்ஹோல்டர்கள்தான் மீட்டிங்ல நியமிக்கிறாங்க, ஆனா ப்ரமோட்டர்கிட்ட 60% இருந்தா அந்த ஓட்டு யாரோடதுன்னு சொல்ல வேண்டியதில்ல. லிஸ்டட் கம்பெனியில ஒரு ஃபர்ம் தொடர்ந்து 10 வருஷத்துக்கு மேல இருக்க முடியாதுன்னு சட்டம் வந்துச்சு, 2018ல ஆடிட்டர்களைக் கண்காணிக்க என்எஃப்ஆர்ஏன்னு தனி அமைப்பு வச்சாங்க, அவங்க தப்பு பண்ணின ஆடிட்டர்களுக்கு அபராதமும் தடையும் போட்டுட்டுத்தான் இருக்காங்க. அதுக்கு மேலயும் ஃபீஸ் செக் வர்றது அதே அக்கவுண்ட்ல இருந்துதான். அரசாங்கமே ஆடிட்டரை ஒதுக்கட்டும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல பாதி நம்பிக்கைதான், அங்கயும் சிபாரிசு நுழையும்.

கலைவாணி_87: கடைசியா ஒண்ணு சார். 300 பக்க ஆனுவல் ரிப்போர்ட்ல எனக்கு பத்து நிமிஷம்தான் இருக்கு, எதைப் பார்க்கட்டும்?

'இண்டிபெண்டன்ட் ஆடிட்டர்ஸ் ரிப்போர்ட்'னு தேடுங்க, ஒப்பினியன் பாராவுக்குக் கீழ இருக்கிற பேசிஸ் பாராவைப் படிங்க. அப்புறம் 'கீ ஆடிட் மேட்டர்ஸ்'. ஆடிட்டருக்கு எங்க வியர்த்துச்சுன்னு அவர் வாயாலயே சொல்ற இடம் அது. போன வருஷ ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சுக்கங்க, அதுல இருந்த ஒரு விஷயம் இந்த வருஷம் சத்தமில்லாம காணாமப் போயிருந்தா ஏன்னு தேடுங்க. கையெழுத்து போட்ட ஃபர்ம் பேர் மாறியிருந்தா, 10 வருஷம் முடிஞ்சு மாறினாங்களா, இல்ல நடுவுல ராஜினாமா பண்ணிட்டுப் போனாங்களான்னு எக்ஸ்சேஞ்ச் சைட்ல அந்த லெட்டரைத் திறந்து பாருங்க. "வேலைப்பளு காரணமாக"ன்னு எழுதியிருந்தா நான் அந்த ஷேர்ல கை வைக்க மாட்டேன்.