750 எப்படி 1000-ஐ வென்றது?

வணக்கம் சார். கேம் தியரி ஸ்லைடில் எதிரெதிரே இரண்டு இட்லி மாவுக் கடைகள், ராஜாவுடையதும் மணியுடையதும். கிலோ பாக்கெட்டை 50 ரூபாய்க்கு விற்கலாம், இல்லை 45-க்கு. கட்டங்களில் இருப்பது ஒருநாள் லாபம்.

| | மணி 50 | மணி 45 |
|---|---|---|
| ராஜா 50 | 1000, 1000 | 400, 1200 |
| ராஜா 45 | 1200, 400 | 750, 750 |

இருவருக்கும் 45தான் ஆதிக்க உத்தி என்று போட்டிருக்கிறது. ஆளுக்கு 1000 வரும் கட்டம் இருக்கும்போது 750 எப்படிச் சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குக் குறுக்கே தாவியிருக்கிறீர்கள். அப்படித் தாவ இரண்டு கடைக்காரர்களும் ஒன்றாக விலையை மாற்ற வேண்டும். ராஜா மாற்றக்கூடியது தன் கடை விலைப்பலகையை மட்டும்தான்.

'மணி 45' நிரலை ஒரு தாளால் மூடுங்கள். மிச்சமுள்ள நிரலில் முதல் எண்களை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதல் எண் வரிசைக்காரரான ராஜாவுடையது. 1000, 1200. பெரியதற்கு அடிக்கோடு போடுங்கள். இப்போது தாளை மறுபக்கம் நகர்த்தினால் 400, 750. இங்கேயும் அடிக்கோடு கீழ்வரிசையில்தான். மணி எதைச் செய்தாலும் ராஜாவுக்கு 45 மேல் என்றால் அதுதான் ஆதிக்க உத்தி. மணிக்குப் பார்க்கும்போது வரிசையை மூடி, இரண்டாம் எண்களை இடமிருந்து வலமாக ஒப்பிட வேண்டும். விடை அதேதான்.

ஒரே கட்டத்துக்குள் 1200-ஐயும் 400-ஐயும் ஒப்பிட்டு 'ராஜா ஜெயித்தார்' என்று எழுதுவோரும் உண்டு. அடுத்தவர் லாபம் ராஜாவின் கணக்கிலேயே கிடையாது.

1000-ஐ ஏன் காப்பாற்ற முடியவில்லை? இந்த எண்கள் பாக்கெட் அடக்கவிலை 30, நாளுக்கு 100 பேர் என்ற கணக்குக்குப் பொருந்துகின்றன. விலை என்னவானாலும் தன் கடையை விடாதவர்கள் கடைக்கு 20 பேர். மீதி 60 பேர் மலிவான பக்கம் போவார்கள், ஒரே விலையென்றால் பாதிப்பாதி. இருவரும் 50-ல் இருக்கையில் ராஜா மட்டும் 45 ஆக்கினால் ஒரு பாக்கெட்டுக்கு லாபம் 20-லிருந்து 15 ஆகும். ஆனால் 50 பாக்கெட் 80 ஆகிவிடும். மணிக்கும் அதே ஆசை. 'இருவரும் 50' என்று பேசி வைத்துக்கொண்டாலும், இது ஒரே ஒரு நாள் ஆட்டமென்றால் அந்தப் பேச்சை யார் மீறினாலும் அவருக்கு 200 கூடுதல்.

வாடிக்கையாளர் குணம் மாறினால் விடையும் மாறும். கடையை விடாதவர்கள் 20-க்குப் பதில் 35 என்று வையுங்கள். மலிவாக விற்பவருக்கு 65 பாக்கெட், 975 ரூபாய்; மற்றவருக்கு 35 பாக்கெட், 700. திரும்ப அடிக்கோடு போட்டால் ஒரு நிரலில் 1000 மேலே, இன்னொன்றில் 750 கீழே. அடிக்கோடுகள் வெவ்வேறு வரிசையில் விழுந்ததால் ஆதிக்க உத்தியே இல்லை: மணி 50 என்றால் ராஜாவும் 50, மணி 45 என்றால் இவரும் 45. அந்த எண்ணிக்கையை 40 ஆக்கினால் 50 ரூபாயே ஆதிக்க உத்தி ஆகிவிடும். கட்டங்களை நிரப்பிப் பாருங்கள்.