பாடினால் மனம் தேறுகிறதா? குலுக்கல் போட்டுப் பார்க்கலாம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பாகான் டாலாமில் ஒரு கோயில் மண்டபத்தில், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வாரந்தோறும் சேர்ந்திசை வகுப்பு நடத்துகிறேன். இப்போது 22 பேர் பாடுகிறார்கள். மேலும் 40 பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வகுப்பு வைத்தாலும் ஒரு தடவைக்கு 20 பேருக்குத்தான் என்னால் சொல்லிக்கொடுக்க முடியும். மானியம் கேட்டால், "இதனால் முதியவர்களுக்கு என்ன பயன் என்று காட்டுங்கள்" என்கிறார்கள். பாடுகிற 22 பேரிடமும் இப்போது ஒரு பாரம், மூன்று மாதம் கழித்து ஒரு பாரம் நிரப்பி வாங்கினால் போதுமா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போதாது, ஆசிரியை அவர்களே. அந்த 22 பேரை ஆய்வில் சேர்க்கவே வேண்டாம். அவர்கள் பிடித்துப்போய்த் தங்கிவிட்டவர்கள். ஒத்துவராதவர்கள் எப்போதோ நின்றிருப்பார்கள். அவர்கள் கையில் உங்கள் பாரம் போய்ச் சேரப்போவதில்லை. தங்கியவர்களை மட்டும் கேட்டால் எந்த வகுப்பும் நல்ல வகுப்புதான்.

உங்கள் கையில் இருக்கும் பொக்கிஷம் அந்த 40 பெயர்கள். எப்படியும் 20 பேர் இப்போதும் 20 பேர் பிறகும்தான் சேரப்போகிறார்கள். யார் முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தால், காத்திருக்கும் 20 பேரே ஒப்பீட்டுக் குழு ஆகிவிடுவார்கள். யாருக்கும் எதையும் மறுத்ததாகவும் இராது.

ஒப்பீட்டுக் குழு ஏன் இவ்வளவு முக்கியம்? பாட்டுக்குப் பெயர் கொடுப்பவர்கள் பலர் வாழ்க்கையில் ஒரு சரிவின்போதுதான் வருகிறார்கள். கணவர் காலமாகியிருப்பார், அல்லது மகன் குடும்பத்தோடு ஜொகூருக்கு மாறிப் போயிருப்பார். அந்த நேரத்தில் மனநிலையை அளந்தால் மதிப்பெண் குறைவாக இருக்கும். மூன்று மாதத்தில் அது கொஞ்சம் ஏறியே தீரும், பாடினாலும் பாடாவிட்டாலும். இரண்டாவது பாரம் தீபாவளியை ஒட்டி வந்தால் வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அந்த மகிழ்ச்சியும் உங்கள் பாட்டுக் கணக்கில் வரவாகிவிடும். காத்திருக்கும் குழுவுக்கும் அதே தீபாவளிதான், அதே காலம்தான். இரு குழுக்களுக்கும் இடையே மிஞ்சி நிற்கும் வித்தியாசத்தை மட்டும் பேசுங்கள்.

குலுக்கலை நீங்கள் நடத்தக் கூடாது. பெயர்கள் தெரிந்த எவரும் நடத்தக் கூடாது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. "அக்காவை மட்டும் முதல் குழுவில் போட்டுவிடுங்கள்" என்று இரண்டு தொலைபேசி அழைப்பாவது வரும். வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே இருப்பது தெரியாத கெட்டியான உறைகளில் சீட்டுகளைப் போட்டு, ஒட்டி, கலக்கி, வகுப்போடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பெயர் கொடுத்திருந்தால் இருவருக்கும் ஒரே சீட்டு. இல்லாவிட்டால் அவர் வகுப்பில் கற்றதை இவர் வீட்டில் பாடிக்கொண்டிருப்பார். முதல் பாரத்தை உறை பிரிப்பதற்கு முன்பே நிரப்பி வாங்கிவிட வேண்டும். தமக்கு இப்போது இடமில்லை என்று தெரிந்த பிறகு எழுதும் பதிலில் அந்த வருத்தமும் கலந்துவிடும்.

அளவுகோலை நீங்களாக உருவாக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு இதற்குப் பொருத்தமானது. கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகமாக இருந்தீர்களா, மனம் அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பு இருந்ததா, காலையில் தெளிவாக எழுந்தீர்களா, அன்றாட வாழ்வில் ஆர்வமூட்டும் விஷயங்கள் இருந்தனவா என்பவைதாம் அந்த ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும். ஓர் அம்மா 3, 2, 2, 1, 3 என்று சொன்னால் கூட்டுத்தொகை 11, மதிப்பெண் 44. பதினான்கு வாரம் கழித்து 3, 3, 3, 2, 3 என்றால் 56. பொதுவாக 10 புள்ளி மாற்றத்தைப் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதோடு தனிமை பற்றிய மூன்று கேள்விகள் கொண்ட சிறு அளவுகோல் ஒன்றைச் சேர்த்தால் போதும். அதற்கு மேல் போனால் கிழவர்கள் பொறுமை இழந்து கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே எண்ணை வட்டமிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வியைக் கேட்பது யார் என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஆசிரியை எதிரில் உட்கார்ந்து, "எப்படி அம்மா இருக்கிறது?" என்று கேட்டால், "உங்கள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு பதில் வருமா? தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்களில் தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள். ஆகவே யார் எந்தக் குழு என்று அறியாத ஒரு கல்லூரி மாணவி, எல்லோருக்கும் ஒரே வாசகத்தை, காது மந்தமானவருக்கும் கேட்கும்படி, மேளச் சத்தம் எட்டாத அறையில் வாசித்துக் காட்டிப் பதிலைக் குறித்துக்கொள்ளட்டும். பாரத்தில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும்.

வகுப்பு வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், 14 வாரம். இந்த 14 என் கற்பனையல்ல. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 60 வயதுக்கு மேற்பட்ட 258 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு, 2015இல் வெளிவந்தது, அவ்வளவு வாரம்தான் பாட வைத்தது. முடிவில் பாடியவர்களின் மனநல மதிப்பெண் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. தைப்பூசம் முடிந்து பிப்ரவரி நடுவில் முதல் குழு தொடங்கினால் மே கடைசியில் இரண்டாவது பாரம் வாங்கலாம். உடனே காத்திருப்பவர்கள் தொடங்கினால் செப்டம்பர் முதல் பகுதியில் முடித்துவிடுவார்கள். தீபாவளி எந்தக் குழுவின் குறுக்கேயும் வராது. ஒவ்வொரு வாரமும் யார் வந்தார், எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம், சுருதியை ஒரு கட்டை இறக்க வேண்டியிருந்ததா என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை வேறு மண்டபத்தில் இதையே செய்ய விரும்புகிறவருக்கு அந்த நோட்டுதான் வழிகாட்டி.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். முதல் குழுவின் 20 பேரில் ஐந்து பேர் நடுவில் நின்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு முட்டிவலி, இன்னொருவருக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளும் வேலை, மற்றவர்களுக்குக் கூட்டிவர ஆளில்லை. தொடர்ந்து வந்த 15 பேர் சராசரியாக 8 புள்ளி ஏறியிருக்கிறார்கள். நின்ற ஐவர் சராசரியாக 4 புள்ளி இறங்கியிருக்கிறார்கள். பதினைந்து பேரை மட்டும் எழுதினால் "8 புள்ளி முன்னேற்றம்" என்று அறிக்கை பளபளக்கும். உண்மைக் கணக்கு வேறு: 15 பேருக்கு 120 புள்ளி வரவு, 5 பேருக்கு 20 புள்ளி செலவு, மிச்சம் 100, அதை 20 பேருக்குப் பிரித்தால் 5. எந்தக் குழுவின் சீட்டு விழுந்ததோ அந்தக் குழுவின் கணக்கில்தான் அவர் கடைசிவரை இருக்க வேண்டும், ஒரு நாள்கூட வராவிட்டாலும். ஆகவே நின்றவர்களைத் தேடிப் போய் இரண்டாவது பாரத்தை வாங்குங்கள். இந்த ஒரு வேலைக்குத் தனியாக ஒருவரைப் போட்டாலும் தகும்.

இவ்வளவு செய்தும் 40 பேரை வைத்துப் பயனை நிரூபிக்க முடியாது. முதியவர்களின் இந்த மதிப்பெண் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். சராசரியிலிருந்து வழக்கமான விலகல் 20 புள்ளி என்று வைத்துக் கணக்கிடுகிறேன். குழுவுக்கு 20 பேர் என்றால், நீங்கள் காணும் வித்தியாசம் இருபுறமும் ஏறக்குறைய 12 புள்ளி ஊசலாடும். 10 புள்ளி முன்னேற்றம் கிடைத்தாலும், உண்மை நிலவரம் 22 ஆகவும் இருக்கலாம், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயும் இருக்கலாம். 10 புள்ளி வித்தியாசத்தை நம்பிச் சொல்ல குழுவுக்கு 64 பேராவது வேண்டும். ஐந்தில் ஒருவர் கைநழுவுவார் என்று பார்த்தால் 80, இரு குழுவுக்கும் 160. அது பல மண்டபங்களும் பல ஆசிரியர்களும் சேர்ந்து செய்யும் வேலை.

எனவே உங்களுடையதை முன்னோட்ட ஆய்வு என்றே அழையுங்கள். அது பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் வேறு: பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் குலுக்கலுக்குச் சம்மதித்தார்கள், எத்தனை வாரம் வந்தார்கள், கடைசிப் பாரம் எத்தனை பேரிடமிருந்து கிடைத்தது, மதிப்பெண் எவ்வளவு பரவிக் கிடக்கிறது. தொடங்கும் முன்பே ஒரு கோடு போட்டு எழுதி வையுங்கள். பத்தில் ஏழு வகுப்புக்குக் குறையாமல் வந்து, பத்தில் எட்டுப் பேர் கடைசிப் பாரமும் கொடுத்தால் பெரிய ஆய்வுக்குப் போகலாம் என்பதுபோல. முடிவு தெரிந்த பிறகு போடும் கோடு எப்போதும் நமக்குச் சாதகமான இடத்தில்தான் விழும்.

விண்ணப்பத்தில் ஞாபகசக்தி கூடும் என்று எழுதிவிடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில் 390 பேரை வைத்து ஆறு மாதம் நடத்திய ஆய்வில், தனிமையுணர்வு குறைந்தது, வாழ்வில் ஆர்வம் கூடியது. அறிவாற்றலிலும் உடல் வலுவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சிங்கப்பூரில் பாடியவர்களையும் சுகாதார வகுப்புக்குப் போனவர்களையும் இரண்டு ஆண்டு ஒப்பிட்டபோதும் அறிவாற்றலில் பாட்டு முந்தவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுங்கள்: பலன் கிடைத்தால் அது பாட்டினாலா, வகுப்புக்குப் பிறகு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே பேசும் பேச்சினாலா என்று உங்கள் ஆய்வு சொல்லாது. அதைப் பிரித்தறிய, பாட்டில்லாமல் தேத்தண்ணீரும் பேச்சும் மட்டும் உள்ள இன்னொரு குழு தேவை. மானியம் தருபவருக்கு இரண்டும் சேர்ந்த மொத்தப் பலன் தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம்.

பல்கலைக்கழகத்தில் முதியோர் நலம் படிக்கும் ஒரு விரிவுரையாளரைக் கூட்டாளியாகப் பிடியுங்கள். அவருடைய நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வராமல் ஒரு பாரமும் வாங்க வேண்டாம். அரசு கிளினிக் நோயாளிகளைச் சேர்ப்பதாக இருந்தால், சுகாதார அமைச்சின் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். சம்மதப் படிவத்தில், ஆய்விலிருந்து விலகினாலும் வகுப்பில் தொடர்ந்து பாடலாம் என்று தெளிவாக இருக்கட்டும். நூற்றுக்கு 50க்குக் கீழே வருபவர் மனச்சோர்வில் இருக்கக்கூடும். அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசி, கிளினிக்குக்கு அழைத்துப் போகப்போவது யார் என்பதை முதல் பாரம் வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அவர் காத்திருக்கும் குழுவில் இருந்தால், 14 வாரம் கழியட்டும் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது.