எதிர் நாற்காலி காலி: தனியாக போர்டு கேம் ஆடுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, வேளச்சேரியில் தனியாக இருக்கிறேன். பெட்டியில் "1–4 பேர்" என்று போட்டிருந்ததால் ஒரு பெரிய ஆட்டம் வாங்கினேன். ஒருவர் ஆடுவது என்றால் நானே இரண்டு பக்கமும் ஆட வேண்டுமா?

சிலவற்றில் அப்படித்தான், பலவற்றில் இல்லை. எதிரியின் வேலையை யார் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். செவ்வாய்க் கிரகத்தை மனிதர் வாழும்படி மாற்றும் டெராஃபார்மிங் மார்ஸில் எதிரியே கிடையாது, கெடுதான் எதிரி. பறவைகளைச் சேர்க்கும் விங்ஸ்பானில் ஆட்டோமா என்ற ஒரு சீட்டுக்கட்டு எதிரியாக நடிக்கும். ஸ்பிரிட் ஐலண்ட் முதலிலிருந்தே எல்லோரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டம் என்பதால் ஒருவர் உட்கார்ந்தாலும் விதி அப்படியே இருக்கும். ஆனால் படையெடுத்து வருகிறவர்களின் வேலையை ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள்தான் செய்து முடிக்க வேண்டும். மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ் இரண்டாம் பதிப்பில் அந்த வேலையை ஆப் பார்த்துக்கொள்ளும்.

அந்த "1" என்ற எண்ணுக்குப் பின்னால் இத்தனை வகை இருக்கிறது. ஆபீஸ் முடிந்து ஒன்பது மணிக்கு வீடு வந்தபின் எத்தனை சில்லறை வேலை செய்யப் பொறுமை இருக்கும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். நான் அப்படி யோசிக்காமல் வாங்கிய இரண்டு பெட்டிகள் பரணில் இருக்கின்றன.

டெராஃபார்மிங் மார்ஸ் தனியாக ஆடினேன். 14வது தலைமுறை, அதாவது கடைசிச் சுற்று, முடியும்போது வெப்பநிலை முழுவதும் ஏறிவிட்டது, ஆக்சிஜன் 12, கடல் 5. புள்ளி கூட்டினால் நல்ல எண்ணிக்கை வருகிறது. ஜெயித்தேனா?

தோற்றீர்கள். வருத்தமாக இருக்கும், ஆனால் விதி அதுதான். தனி ஆட்டத்தில் 14 தலைமுறைக்குள் மூன்று அளவும் நிறைந்திருக்க வேண்டும். புள்ளி அதற்கப்புறம்தான்.

எங்கே பிசகியது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெப்பநிலை −30இல் தொடங்கி இரண்டிரண்டாக +8 வரை போக 19 படி. ஆக்சிஜன் 14 படி. கடல் 9. மொத்தம் 42. நான்கு பேர் ஆடினால் இதை நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள், இங்கே எல்லாம் உங்கள் தலையில். 14 தலைமுறைக்கு 42 என்றால் தலைமுறைக்கு மூன்று. ஆக்சிஜன் 8ஐத் தொடும்போது வெப்பநிலை ஒரு படி சும்மா ஏறும், வெப்பநிலை 0 ஆகும்போது ஒரு கடல் சும்மா கிடைக்கும். ஆக, கையை விட்டுச் செய்ய வேண்டியது 40. ஆனால் ஆக்சிஜன் 8 ஆவதற்குள் வெப்பநிலையை முடித்துவிட்டால் அந்த இலவசப் படி வீண்.

உங்களுக்குப் பாக்கி நின்றது 4 கடலும் 2 ஆக்சிஜனும். கையில் சீட்டு எதுவும் உதவாவிட்டால் கடல் ஒன்றுக்கு 18 பணம், ஆக்சிஜனை ஒரு படி ஏற்றும் பசுமை ஒன்றுக்கு 23. அதாவது 72ம் 46ம், மொத்தம் 118. தலைமுறைதோறும் உங்கள் மதிப்பீடு எவ்வளவோ அவ்வளவு பணம் வரும்; தனி ஆட்டத்தில் அது 14இல் தொடங்குகிறது, ஒவ்வொரு படிக்கும் ஒன்று கூடும். 36 படி ஏற்றியிருக்கிறீர்கள், அப்படியானால் சுமார் 50. அதற்குமேல் பண உற்பத்தி 15 இருந்தாலும் கடைசித் தலைமுறையில் கையில் 65தான். எட்டாது.

இதையே முன்னால் வாங்கியிருந்தால்? 4வது தலைமுறையில் 18 கொடுத்து ஒரு கடல் வைத்தால் மதிப்பீடு ஒன்று கூடி, அடுத்த பத்து தலைமுறையும் வருமானத்தில் ஒவ்வொன்று திரும்பி வரும். உண்மையான விலை 8 தான். 13வது தலைமுறையில் வைத்தால் திரும்பி வருவது 1. போதாக்குறைக்கு, கடலை ஒட்டி அப்புறம் ஓடு வைக்கும்போதெல்லாம் 2 பணம் கிடைக்கும். அதனால்தான் கடலைக் கடைசிக்குத் தள்ளக்கூடாது என்கிறேன்.

அதற்காக முதல் தலைமுறையிலிருந்தே கடலாக வாங்கித் தள்ளாதீர்கள். தொடக்கத்தில் உற்பத்தியைக் கூட்டும் சீட்டுதான் அதிகம் திருப்பித் தரும். 6வது தலைமுறை முடிவதற்குள் வெப்ப உற்பத்தி 8 ஆகிவிட்டால் 7 முதல் 14 வரை தலைமுறைக்கு 8 வெப்பத்தைக் கொடுத்து வெப்பநிலையை ஒரு படி ஏற்றலாம். நான் 7வது முடிவில் ஒரு முறை எண்ணிப் பார்ப்பேன். 42இல் 12க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஆட்டம் போச்சு என்று எடுத்துக்கொள்வேன். பாதி தூரத்தில் 12 என்பது குறைவாகத் தெரியும், ஆனால் பின்பாதியில் பணமும் வெப்பமும் சேர்ந்து வருவதால் ஓரளவு ஈடுகட்டிவிடும்.

குறுக்கே ஒன்று. 14 தலைமுறை ரொம்பத் தாராளம். சரியான கெடு 12தான், நீங்கள் பழைய விதியைச் சொல்கிறீர்கள்.

பாதி சரி. பிரெல்யூட் என்ற கூடுதல் பெட்டியைச் சேர்த்து ஆடினால் 12. அதில் முதலிலேயே இரண்டு தொடக்கச் சீட்டு கிடைப்பதால் இரண்டு தலைமுறையைக் குறைத்திருக்கிறார்கள். வெறும் அடிப்படைப் பெட்டி என்றால் 14தான்.

விங்ஸ்பானில் அந்த ஆட்டோமா கள்ளாட்டம் ஆடுகிறது ப்ரோ. உணவே கொடுக்காமல் பறவை வைத்துக்கொள்கிறது. இதில் ஜெயித்து என்ன பயன்?

கொடுக்காதுதான், நீங்கள் பார்த்தது சரி. ஆனால் அது மனிதர் மாதிரி யோசிக்க வேண்டும் என்று செய்ததில்லை. எதிரே ஒருவர் இருந்தால் உங்களுக்கு என்னென்ன இடைஞ்சல் வருமோ அதை மட்டும் கொடுக்கும். சுற்று முடிவு இலக்கில் போட்டிக்கு நிற்கும், கண் வைத்திருந்த பறவையைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கும் உணவுக் கணக்கு பார்த்தால் உங்கள் ஆட்டத்தில் பாதி நேரம் அதற்கே போய்விடும். இப்போது ஒரு சீட்டைத் திருப்பினால் அதன் முறை முடிந்தது.

கஷ்டத்தை மாற்றும் இடமும் எளிது. அது கவிழ்த்து வைத்திருக்கும் பறவைச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் கீழ்நிலையில் 3 புள்ளி, நடுவில் 4, மேல்நிலையில் 5. கீழ்நிலையில் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் ஒரு நிலை ஏறுங்கள். ஜெயித்து என்ன பயன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கே சில ராத்திரி அது இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது மாதிரிதான் இருக்கிறது.

துணை ஆப் என்றால் பக்கத்தில் கூட ஆட ஆள் தேடித் தருமா? சோழிங்கநல்லூர் பக்கம் யாராவது?

இல்லைங்க, அது வேறு. மேசை மேல் இருக்கிற ஆட்டத்தைப் போன் கூட இருந்து நடத்துவது இது. முழு ஆட்டமும் போனிலேயே இருக்கும் டிஜிட்டல் பதிப்பும் இதில் சேராது. கிரானிக்கிள்ஸ் ஆஃப் கிரைமை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சியின் அட்டையில் இருக்கும் கியூஆர் குறியைப் போன் கேமராவில் காட்டினால் அவர் பேசுவார். ஆப் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியில் இருப்பது வெறும் அட்டை. ஆள் தேடுவதைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

அதேதான் என் பயம். நாளைக்கு ஆப்பை நிறுத்திவிட்டால்? பணம் போச்சா?

நியாயமான பயம். எனக்கே நடந்தது, பெயர் வேண்டாம். இரண்டு வருடம் பெட்டியைத் தொடாமல் இருந்து, ஒரு மழை நாளில் ஆசையாகப் பரப்பி வைத்து டேப்லெட்டைத் திறந்தால், புதிய பதிப்பு வேண்டும் என்றது ஆப். புதிய பதிப்போ அந்த டேப்லெட்டுக்குப் பொருந்தாது. பரப்பியதை எடுத்து வைக்கவே அரை மணி நேரம் ஆனது.

அதனால் இப்போது ஒன்று செய்கிறேன். வாங்கிய அன்றே ஆப்பை இறக்கி, கதைகளையெல்லாம் இறக்கிவிட்டு, போனை ஃபிளைட் மோடில் போட்டு ஒரு சுற்று ஆடிப் பார்ப்பேன். நெட் இல்லாமல் ஓடினால் ஒரு பழைய போனை அதற்கென்றே ஒதுக்கி, தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிடுவேன். ஓடாவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்குள் முடிவெடுப்பேன். கரண்ட் போகும் ராத்திரிக்கும் இந்தச் சோதனை உதவும், வைஃபை முதலில் போகும் பாருங்கள்.

ஆப் கட்டாயமான ஆட்டத்தைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்பதில் என் நண்பர்களே இரண்டு கட்சி. பத்து தடவை ஆடினால் காசு செரித்துவிடும் என்கிறார் ஒருவர். ஆடுகிற வரைக்கும்தான் அது உன்னுடையது என்கிறார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம் சாய்கிறேன், ஆனாலும் மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ் என் அலமாரியில் இருக்கிறது.

திருவல்லிக்கேணி மேன்சனில் ஒரு ரூம். கட்டில், ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஃபேன். இவ்வளவுதான் இடம்.

பழைய கேரம் போர்டு ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். உள்ளே 74 செ.மீ. சதுரம், சுற்றிலும் சட்டம். பாதி ஆட்டத்தில் தூக்கம் வந்தால் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், காய் சிந்தாது. டெராஃபார்மிங் மார்ஸின் ஆட்டக்காரர் பலகை வழவழப்பான மெல்லிய அட்டை. முழங்கை பட்டால் கன சதுரங்களெல்லாம் இடம் மாறி, உற்பத்தி 3 இருந்ததா 5 இருந்ததா என்று தெரியாமல் போய்விடும். தலைமுறை முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட உருப்படியான துணை ஆப்பை நான் பார்த்ததில்லை.

ஃபேனை இரண்டில் வையுங்கள், சீட்டுக்கட்டின் மேல் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். ஐப்பசி, கார்த்திகையில் சீட்டுகள் ஈரம் குடித்து வளையும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள்.

இந்த இடத்துக்கு முதல் ஆட்டம் என்றால் ஃப்ரைடே. 2011இல் வந்தது, ஒருவர் ஆடுவதற்கென்றே செய்தது. தீவில் மாட்டிக்கொண்ட ராபின்சனை நீங்கள் தேற்றி விட வேண்டும், கடைசியில் இரண்டு கடற்கொள்ளைக் கப்பல். ஸ்டூல் போதும்.

தம்பி, எனக்கு 68 வயது, மயிலாப்பூர். சின்ன வயதில் பல்லாங்குழியில் சீதைப் பாண்டி தனியாகவே ஆடுவேன். அசோகவனத்தில் சீதை ஆடினாள் என்று பாட்டி சொல்வாள். இதெல்லாம் அது மாதிரிதானா? பொடி எழுத்து படிக்க முடியாது.

அதேதாம்மா. எதிரில் ஆள் வேண்டாம் என்பதை உங்கள் பாட்டி எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறார். உங்களுக்குக் கேஸ்கேடியா சரியாக வரும். அறுகோண ஓட்டில் காடு, ஆறு, அதன் மேல் வட்ட மரக்காயில் கரடி, மீன், நரி. ஓட்டில் எழுத்தே கிடையாது. புள்ளி எண்ணும் முறை மட்டும் அட்டையில் இருக்கும், பேரன் பேத்தி யாரையாவது விட்டு ஒருமுறை பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் புள்ளியை எழுதி வைத்தால் போன வார எண்ணிக்கைதான் எதிரி.

கடைசியாக ஒன்று. தனியாக ஆடும்போது வைத்த சீட்டைத் திரும்ப எடுக்கலாமா?

புதிதாக எதையும் பார்க்காத வரைக்கும் எடுக்கலாம். ஒரு சீட்டைத் திருப்பிவிட்டீர்கள், பகடை உருட்டிவிட்டீர்கள் என்றால் வைத்தது வைத்ததுதான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன், அந்த ஆட்டங்களின் புள்ளிக்குப் பக்கத்தில் நோட்டில் பென்சிலால் ஒரு சுழி போட்டு வைத்திருக்கிறேன்.