பந்துக் கணக்கும் மாத்திரைக் கணக்கும்: கேள்வி பதில்

பட்டர்வொர்த், படிவம் 5: சார், 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து ஒவ்வொரு முறையும் முக்கால் பங்கு எழும்புது. மொத்த தூரம் எனக்கு 16, விடையில் 14.

14தான்மா. எல்லாத்தையும் இரட்டிச்சிட்டே. முதல் 2 மீட்டருக்கு இறக்கம் மட்டுந்தான், ஏற்றம் கிடையாது. அதைத் தனியா வை. பிறகு ஏற்றங்கள் 1.5 ÷ (1 − 0.75) = 6. இறக்கங்களும் 6.

பிறை: எனக்கு 3 மீட்டர், பாதிப் பாதியா எழும்புது.

9. மேலே படிங்க.

ஆயர் ஈத்தாம்: அண்ணே, 100 மில்லிகிராம் மாத்திரை, 8 மணி நேரத்துக்கு ஒண்ணு. விடாம போட்டா உடம்புல குவிஞ்சுக்கிட்டே போகுமே?

குவியும், ஆனா ஓர் எல்லை உண்டு. 8 மணி நேரத்தில் பாதி வெளியேறும் மருந்துன்னு வைப்போம். ஒவ்வொரு மாத்திரை போட்டதும் உடம்பில் 100, 150, 175, 187.5 என்று ஏறி 200ஐ நெருங்கும். பந்துக்குப் போட்ட அதே சூத்திரம்தான்: 100 ÷ (1 − 0.5) = 200. அங்கே ஏன் நிற்குது? 200இல் பாதி, அதாவது 100, அடுத்த வேளைக்குள் போயிடும். புதுசா வருவதும் 100. வரவும் செலவும் சமம்.

மாத்திரையை 200 ஆக்கினால் எல்லை 400 ஆகும். ஆனா அதை நெருங்க ஆகும் நேரம் மாறாது, ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை நாள். நேரத்தை முடிவு செய்வது மிஞ்சும் பங்குதான்.

ஜெலுத்தோங்: எங்க மாமா ஒரு வேளை மறந்துட்டார். அடுத்த வேளை ரெண்டா போடலாமா?

அதே மருந்தென்றால், 200இல் இருந்தவருக்கு மறந்த வேளையில் 100, அதற்கடுத்த வேளைக்குள் 50தான் மிஞ்சும். ஒண்ணு போட்டா 150, ரெண்டு போட்டா 250, வழக்கமான உச்சத்துக்கும் மேலே. இது கணக்கு, மருந்துச் சீட்டு இல்லை. மாமாவின் மருந்து எதுன்னு எனக்குத் தெரியாது. கொடுத்த பார்மசியில் கேளுங்க.

பாயான் லெபாஸ், இன்ஜினியர்: விகிதம் மாறாததால எந்த மருந்துக்கும், யாருக்கும் இந்தச் சூத்திரம் போதும்.

பாதி சரி. ஒரே ஆளுக்குள் விகிதம் மாறாம இருந்தால் போதும். சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்தை எடுங்க. சிறுநீரகம் தளர்ந்து, பாதியாக 16 மணி நேரம் ஆகுதுன்னா, 8 மணி நேரத்துக்குப் பிறகு 71 விழுக்காடு மிஞ்சும். எல்லை 200 இல்லை, 341. அங்கே போய்ச் சேரவும் இரட்டிப்பு நேரம் பிடிப்பதால் முதல் நாளே முழு ஏற்றமும் தெரியாது.

வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயினில் சூத்திரமே உடையும். அளவு கூடினதும் கல்லீரல் நொதிகள் நிரம்பிடும். பங்கு கணக்கில் போகாம, ஏறக்குறைய ஒரே அளவு மருந்துதான் வெளியேறும். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலே இரத்தத்தில் அளவு கிடுகிடுன்னு ஏறும்.

அதே இன்ஜினியர்: சரி, பந்து முடிவில்லாம துள்ளினா எப்போ நிற்கும்?

உங்க சூத்திரப்படியே, முதல் பந்து 9 நொடிக்குள்ள நிற்கும். எண்ணற்ற துள்ளல்தான், நேரமும் பெருக்குத் தொடர். விகிதம் முக்காலின் வர்க்கமூலம்.

அவரே: நிஜப் பந்து அப்படித் துள்ளாது.

துள்ளாதுதான்.

பிறை: சார், 4 மீட்டர்னா?

மேலே.