ஆயுத பூஜை லீவ வெச்சு காசி போக எத்தன லீவ் போடணும்?

"அண்ணா, நாங்க வேலந்தாவளம். எனக்கு கோயமுத்தூர்ல ஆபீஸ், சனி ஞாயிறு லீவு. அவருக்கு கஞ்சிக்கோட்டுல ஃபேக்டரி, ஞாயிறு மட்டும்தான் லீவு. மாமியாரக் கூட்டிட்டு ஒரு தடவ காசி போயிட்டு வரணும்னு நாலு வருசமா பேசறோம், ரெண்டு பேருக்கும் லீவ் கம்மி. 2026ல எந்த வாரம் போனா கம்மி லீவ்ல முடியும்? நடுவுல வர்ற அரசு விடுமுறையையும் லீவ் கணக்குல எடுத்துக்குவாங்கன்னு அவரு பயப்படறாரு."

அக்டோபர் மூணாவது வாரம் போங்கம்மா. 17 சனி, 18 ஞாயிறு, 19 திங்கள் ஆயுத பூஜை, 20 செவ்வாய் விஜயதசமி, இது தமிழ்நாட்டு லிஸ்ட். உங்களுக்கு நாலு நாள் சும்மாவே கெடைக்குது, புதன் வியாழன் வெள்ளி, அதாவது 21, 22, 23 மூணு நாள் மட்டும் லீவ் போட்டா அடுத்த சனி ஞாயிறும் சேந்து 25 வரைக்கும் ஒம்பது நாள்.

ஆனா அவருக்கு இந்தக் கணக்கு அப்படியே வராதுங்க, இங்கதான் நம்ம பார்டர் ஆளுங்க நெறய பேர் ஏமாறுவாங்க. வாளையாறு தாண்டுனா அதே பண்டிகை ஒரு நாள் தள்ளிப் போயிருது. கேரளா லிஸ்ட்ல அந்த வருசம் மகாநவமி 20, விஜயதசமி 21. அங்க கொழந்தைங்கள எழுத்துக்கு இருத்தறது காலைல சூரியன் உதிக்கறப்ப தசமி இருக்கற நாள்ல, அதனால இந்த வித்தியாசம். அதனால 19 திங்கக்கெழம உங்களுக்கு லீவு, அவருக்கு வேல. 21 புதன் அவருக்கு லீவு, உங்களுக்கு வேல. ஒரே வீட்டுல ரெண்டு காலண்டர்.

அவரு 17ந் தேதி சனிக்கெழம ஷிஃப்ட் முடிச்சுட்டு ராத்திரி கெளம்பட்டும். 19 ஒரு லீவ், 20, 21 ரெண்டும் விடுமுறை, 22, 23, 24 மூணு லீவ், 25 ஞாயிறு. மொத்தம் நாலு லீவ்ல எட்டு நாள். அவரு சனிக்கெழமையும் லீவ் போடணும்னா அஞ்சாயிரும், அது வேண்டாம், ராத்திரி வண்டிக்கு அவசியமில்ல.

இப்ப அவரோட பயத்துக்கு வரேன். அவரு பயப்படறதுல நியாயம் இருக்கு, ஏன்னா அவரோட 20, 21 ரெண்டும் லீவுக்கு நடுவுல மாட்டிக்கிது பாருங்க, முன்னாடியும் லீவ் பின்னாடியும் லீவ். இதத்தான் எல்லாரும் சாண்ட்விச்னு சொல்றது. விடுமுறை லீவோட ஓரத்துல இருந்தா பெரும்பாலும் யாரும் கைய வெக்க மாட்டாங்க, நடுவுல இருந்தாத்தான் பிரச்சனை. சென்ட்ரல் கவர்மெண்ட்ல கூட ஈ.எல். போட்டா முன்னாடி பின்னாடி வர்ற விடுமுறைய ஒட்டிக்கலாம், ஆனா நடுவுல வர்றது ஈ.எல்.ல கழிஞ்சிரும். கேஷுவல் லீவுக்கு மட்டும் நடுவுல வந்தாலும் கழியாது. உங்க மூணு நாளப் பாருங்க, ரெண்டு பக்கமும் விடுமுறை ஒட்டிட்டு இருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல, அதனாலதான் இந்த வாரத்த எடுத்தேன்.

அவரு ஃபேக்டரி வொர்க்கரா இருந்தா சட்டமே அவரு பக்கம். 1948 ஃபேக்டரி சட்டம் 79வது பிரிவுல, சம்பளத்தோட வருசாந்திர லீவ் கணக்கு போடறப்ப நடுவுல வந்தாலும் ஓரத்துல வந்தாலும் விடுமுறை நாள சேக்கக்கூடாதுன்னு தெளிவா இருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்கு பதிலா வந்த புது லேபர் கோட்லயும் அந்த விசயம் போகல. அதனால நாலு நாள்தான் கழியணும். ஆனா சூப்பர்வைசர் மேனேஜர் மாதிரி ஸ்டாஃப் கிரேடுல இருந்தா கம்பெனி ரூல் புக்குதான், அங்க சாண்ட்விச் ரூல் இருந்தா 19ல இருந்து 24 வரைக்கும் ஆறு நாளும் போயிரும்.

இத யார்கிட்டயும் கேட்டுட்டு நிக்க வேண்டாம். லீவ் ஆப்ல 19 டு 24னு போட்டுப் பாக்கச் சொல்லுங்க, சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே எத்தன நாள்னு காட்டும். நாலுன்னா சரி, ஆறுன்னா அங்கயே நிறுத்திட்டு டைம் ஆபீஸ்ல ரூல காட்டச் சொல்லணும். ஆப் இல்லாத எடத்துல லீவ் லெட்டர்லயே "19, 22, 23, 24 நான்கு நாட்கள்"னு தேதி தேதியா எழுதுங்க, "19 முதல் 24 வரை"ன்னு எழுதாதீங்க. நான் ஒரு ஃபேக்டரி டைம் ஆபீஸ்ல இருந்தப்ப இப்படி "முதல் வரை"ன்னு எழுதுன லெட்டருக்கு கிளார்க் பையன் மொத்தமா கழிச்சு விட்டதுல எத்தனையோ சண்ட வந்திருக்கு, பேலன்ஸ் கொறஞ்சத அவங்க கவனிக்கறதே மூணு மாசம் கழிச்சுத்தான்.

இன்னொண்ணு, பழைய ஃபேக்டரி சட்டப்படி இந்த லீவுக்கு பதினஞ்சு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும், வருசத்துல மூணு தடவைக்கு மேல பிரிச்சு எடுக்கவும் முடியாதுன்னு இருந்துச்சு. அவரு கம்பெனில அந்த ரூல் இன்னும் இருந்தா கல்யாணம் காதுகுத்துக்கு ஒவ்வொரு நாளா அதுல கை வெக்காம அதுக்கெல்லாம் கேஷுவல் லீவ ஓட்டிக்கச் சொல்லுங்க.

உங்க ஆபீஸ் பத்தி ஒரு சந்தேகம் இருக்கு, அத நீங்கதான் பாக்கணும். தமிழ்நாட்டுல பிரைவேட் கம்பெனி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாலு போக அஞ்சு பண்டிகை நாள் குடுத்தாப் போதும், கவர்மெண்ட் லிஸ்ட்ல இருக்கறது எல்லாம் வராது. ஆயுத பூஜை குடுத்துட்டு விஜயதசமி குடுக்காத ஆபீஸ் நெறய. அப்படின்னா 20ம் ஒரு லீவ், மொத்தம் நாலு. வருசத் தொடக்கத்துல நோட்டீஸ் போர்டுல ஒட்டுன லிஸ்ட்டுதான் கணக்கு, வீட்டுல தொங்கற காலண்டர் இல்ல. ஓணத்துக்கு கோயமுத்தூர் கலெக்டர் குடுக்கற உள்ளூர் விடுமுறைக்கும் இதே கததான், அன்னைக்கு பேங்க் தொறந்திருக்கும், அதுக்கு பதிலா ஒரு சனிக்கெழம வேல நாளும் வந்துரும்.

டிக்கெட்டுதான் உண்மைல கஷ்டம். ரயில் புக்கிங் இப்ப 60 நாள் முன்னாடி காலைல 8 மணிக்கு தொறக்குது. 17ந் தேதி ராத்திரி சென்னைக்கு வண்டின்னா ஆகஸ்ட் 18 காலைல, 18ந் தேதி சென்னைல இருந்து மேல போற வண்டிக்கு ஆகஸ்ட் 19. திரும்பி 22 கெளம்பறதுக்கு ஆகஸ்ட் 23. மூணு காலைலயும் போனக் கைல வெச்சுட்டு உக்காரணும். காசிப்பக்கம் போற வண்டில பலது தெனமும் ஓடாது, அதனால எந்தக் கெழம ஓடுதுன்னு முதல்ல பாத்துட்டு அப்பறம் லீவ் தேதிய முடிவு பண்ணுங்க, தலைகீழா பண்ணாதீங்க. ஆகஸ்ட் 18க்கு முன்னாடியே ரெண்டு பேரும் லீவ் அப்ரூவல் கைல வாங்கி வெச்சுருங்க.

போக ரெண்டு நாள் வர ரெண்டு நாள் போயிரும், காசில மூணு நாள் கெடைக்கும், மாமியாருக்கு அது போதும்னு நெனைக்கறேன். நீங்க போய்ச் சேர்றப்ப அங்க துர்கா பூஜை முடியற சமயம், கூட்டமா இருக்கும், ரூம மட்டும் டிக்கெட் கன்ஃபார்ம் ஆன அன்னைக்கே போட்டுருங்க.